பதினைந்தாம் பக்கத்துக் கோடு

எனக்குக் கோபம் வந்தால் முதலில் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். அன்றைக்குப் பிளஸ் டூ விடைத்தாள் திருத்தும் முகாமில், மதியம் மூன்று இருபதுக்கு, கண்ணாடியைக் கழற்றி வைத்தேன். எதிரே நின்றவர் சபிஹா.

"புவனா மேடம், இதுல பதினஞ்சாம் பக்கம் திருத்தாம விட்டிருக்கீங்க," என்றார்.

இருபத்திரண்டு வருஷமாக இயற்பியல் நடத்துகிறேன். பதினாறு முகாம் பார்த்தவள். ஒரு பக்கத்தைத் திருத்தாமல் விட்டேன் என்று இதுவரை என்னை ஒருத்தரும் சொன்னதில்லை. ஏப்ரல் மாத வெயில், திண்டுக்கல்லில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்து மாடி, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, நான்கு மின்விசிறியில் இரண்டுதான் சுற்றுகிறது. காலையில் நிலக்கோட்டையிலிருந்து வந்த பேருந்தில் யாரோ ஏற்றிய ஈர மல்லிகை மூட்டையில் சாய்ந்து என் புடவைத் தலைப்பு நனைந்து, காய்ந்து, விறைத்துப் போயிருந்தது. இதில் இந்தம்மா வேறு.

"அடிச்சிருக்கு. குறுக்க இம்புட்டு நீளத்துக்குக் கோடு போட்டிருக்கு. கண்ணுக்குத் தெரியலையா?" என்றேன்.

விடுபட்டதைக் கண்டுபிடிப்பதுதான் சபிஹாவுடைய வேலை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்கள் மேசையில் திருத்துகிற ஆசிரியர்கள் ஆறு பேர். காலையில் ஆளுக்குப் பன்னிரண்டு விடைத்தாள், மதியம் பன்னிரண்டு. நாங்கள் திருத்தி முடித்ததை சபிஹா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி, ஏதாவது விடை விடுபட்டிருக்கிறதா, கூட்டல் சரியா என்று பார்ப்பார். அவருக்கும் மேலே முதன்மைத் தேர்வாளர் ராயப்பராஜ் சார். அவர் கையெழுத்துப் போட்டால்தான் கட்டு எங்கள் அறையை விட்டுப் போகும். காலைக் கட்டு நான்கு மணிக்குப் போக வேண்டும். பக்கத்துக் கட்டடத்தில் மதிப்பெண்ணைக் கணினியில் ஏற்றுவார்கள். அங்கே போனது திரும்பி வராது.

அந்த விடைத்தாளில் நான் போட்டிருந்த மொத்தம் பன்னிரண்டு. எழுபதுக்குப் பன்னிரண்டு. எழுத்துத் தேர்வில் பதினைந்து எடுத்தால்தான் பாஸ். மூன்று மதிப்பெண் குறைவு. பெயர் கிடையாது, ஊர் கிடையாது, பள்ளிக்கூடம் கிடையாது. முகப்பில் பெயர் உள்ள துண்டைக் கிழித்துவிட்டு ஒட்டிய ஒரு எண் மட்டும்தான். ஆணா பெண்ணா என்றுகூடத் தெரியாது.

பதினைந்தாம் பக்கத்தில் இருந்தது ஐந்து மதிப்பெண் கேள்வி, முப்பத்தாறு ஆ. மின்மாற்றி. பக்கம் முழுக்க நீலப் பந்துமுனைப் பேனாவில் எழுதி, அதன் குறுக்கே மேலே இடது மூலையிலிருந்து கீழே வலது மூலை வரை கறுப்புக் கோடு. காலையில் நான் அதைப் பார்த்தேன். அடித்திருக்கிறானே என்று பின்னால் புரட்டினேன். இருபத்திரண்டாம் பக்கத்தில் முப்பத்தாறு அ என்று எண் போட்டு இரண்டே வரி எழுதியிருந்தது. அ அல்லது ஆ, ஏதாவது ஒன்றுதான் எழுத வேண்டும். சரி, ஆ பகுதியை எழுதிப் பார்த்து, அடித்துவிட்டு, அ பகுதிக்குப் போயிருக்கிறான், அதுவும் வரவில்லை. இரண்டு வரிக்குச் சுழியம் போட்டேன். அடித்த விடைக்கு மதிப்பெண் கிடையாது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? பதினைந்து விநாடிகூட ஆகவில்லை.

"அடிச்சிருந்தா நீங்க பக்கத்துல ஒரு சிவப்புக் குறி போட்டிருப்பீங்க. அது இல்ல. அதான் கேட்டேன்," என்றார் சபிஹா. பிறகு குரலைத் தாழ்த்தி, "இன்னொண்ணும் இருக்கு மேடம். கோவிச்சுக்காதீங்க. இந்தப் பிள்ளை கடைசியில வெத்துப் பக்கத்தையெல்லாம் அடிச்சிருக்கு பாருங்க," என்று புரட்டிக் காட்டினார்.

எழுதாத பக்கங்களை மாணவர்களே கோடு போட்டு அடிக்க வேண்டும் என்பது முறை. பிறகு யாரும் அதில் எதையும் எழுதிச் சேர்த்துவிடக் கூடாது இல்லையா, அதற்காக. இந்தத் தாளிலும் கடைசி எட்டுப் பக்கம் கறுப்பு ஜெல் பேனாவில் அடிபட்டிருந்தது. எல்லாமே கீழே இடது மூலையில் தொடங்கி மேலே வலது மூலைக்கு ஏறுகிற கோடு.

"எல்லாம் ஒரே பக்கமாச் சாயுது. பதினஞ்சாம் பக்கத்துக் கோடு மட்டும் எதிர்ப்பக்கமாச் சாயுது," என்றார்.

"ஒருத்தன் ஒரே மாதிரிதான் கோடு போடணும்னு சட்டமா இருக்கு?" என்றேன். சொன்னேனே தவிர, கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டேன். பதினான்காம் பக்கத்தையும் பதினைந்தாம் பக்கத்தையும் விரித்து வைத்துப் பார்த்தேன்.

கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தேன்.

பதினான்காம் பக்கம் வெற்றுப் பக்கம். ஏதோ ஒரு கேள்விக்கு அப்புறம் வரலாம் என்று விட்டு வைத்திருக்கிறது பிள்ளை, வரவில்லை. அதிலும் கறுப்புக் கோடு. கீழே இடது மூலையிலிருந்து ஏறி, மேலே தைத்த மடிப்போரம் வந்து முடிகிறது. இந்தப் பக்கம் விடைமேல் உள்ள கோடு அதே மடிப்போரம், அதே உயரத்தில் தொடங்கி வலது மூலைக்கு இறங்குகிறது. இரண்டும் சேர்ந்து ஓட்டுக்கூரை முகடு போல நின்றன. பதினான்கில் கோட்டின் நடுவே ஒரு இடத்தில் மை குபுக்கென்று கொட்டித் திட்டாக இருந்தது. பதினைந்தில் அதே உயரத்தில், மடிப்பிலிருந்து அதே தூரத்தில் ஒரு திட்டு.

மூடினேன். இரண்டு தாளையும் சேர்த்துப் பிடித்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். இரண்டு கோடும் ஒன்றாகிவிட்டன. ஒரு நூல்கூடப் பிசகவில்லை.

ஜெல் மை காய நேரம் எடுக்கும். கடைசி நிமிஷத்தில் வெற்றுப் பக்கத்தை அடித்துவிட்டுப் புத்தகத்தை மூடியிருக்கிறது பிள்ளை. ஈர மை எதிர்ப் பக்கத்தில் ஒட்டிவிட்டது. பேனா அந்த விடைமேல் படவே இல்லை. நான் சுழியம் போட்டிருக்கிறேன்.

"தப்பு என்னோடதுதான்," என்று சபிஹாவிடம் சொன்னேன். அதைச் சொல்ல எனக்கு எப்படி இருந்தது என்று கேட்க வேண்டாம். மூன்று முப்பதுக்கு இரண்டு பேருமாக ராயப்பராஜ் சாரிடம் போனோம்.

ராயப்பராஜ் சார் கெட்டவர் இல்லை. ஓய்வு பெற ஒரு வருஷம் இருக்கிறது. நான்கு வருஷம் முன்னால் ஒரு முகாமில் அவர் மேசையில் கூட்டல் தவறு வந்து, விளக்கம் கேட்டு ஓலை வந்து, அதற்குப் பதில் எழுதி எழுதிச் சலித்தவர். அன்றிலிருந்து அவர் பேனாவைத் திறப்பதற்கே பத்துத் தரம் யோசிப்பார். நாங்கள் சொன்னதைக் கேட்டுவிட்டு முதலில் மொத்தத்தைத்தான் பார்த்தார். பன்னிரண்டு. அவர் முகம் சுருங்கிவிட்டது.

"பெயில் மார்க்கைப் பாஸ் மார்க் ஆக்கச் சொல்றீங்க. கூட்டின பிறகு. நாளைக்கு எவனாச்சும் இந்தப் பேப்பரை எடுத்தா, ஏன்யா திருத்துனேன்னு என்னையத்தான் கேப்பான்," என்றார்.

திருத்தாமல் விட்டாலும் உங்களைத்தான் கேட்பான் என்று நான் சொல்ல வாயெடுத்தேன். சபிஹா என் கையைத் தொட்டார். விட்டுவிட்டேன்.

சார் தாளை விரித்து, மூடி, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கோடு ஒன்றின்மேல் ஒன்று விழுவதை ஒத்துக்கொண்டார். பிறகு ஒரு கேள்வி கேட்டார் பாருங்கள்.

"ஒண்ணு அசல், ஒண்ணு ஒட்டினது. சரி. எது அசல்? விடையை வேணும்னே அடிச்சிட்டு மூடினதுல, அந்த மை எதிர்த்தாப்புல வெத்துப் பக்கத்துல ஒட்டியிருந்தா?"

நியாயமான கேள்வி. அப்படியும் நடக்கலாம். மேலும் அவர் இருபத்திரண்டாம் பக்கத்தைத் திருப்பி அந்த இரண்டு வரியைக் காட்டினார். ஆ பகுதியை அடித்துவிட்டுத்தான் அ பகுதிக்குப் போயிருக்கிறான், இல்லையென்றால் எதற்கு இரண்டையும் எழுதுகிறான் என்றார். காலையில் நான் யோசித்ததையே அவர் வாயால் கேட்க எனக்கு எரிச்சலாக வந்தது. மணி மூன்று முப்பத்தெட்டு.

சாய்வு ஒத்துப்போகவில்லையே, மற்ற எட்டுப் பக்கமும் ஏறுகிற கோடாயிற்றே என்று சபிஹா சொன்னார். சாய்வை வைத்துக் கையெழுத்துப் போட முடியாது என்றார் சார். நான் தாளைப் பிடுங்காத குறையாக வாங்கினேன்.

"தடவிப் பாப்போம் சார்," என்றேன்.

பேனாவால் கோடு போட்டால் தாளின் பின்புறம் மேடு விழும். ஒட்டிய மைக்கு அது கிடையாது. பதினான்காம் பக்கத்துக் கோட்டுக்குப் பின்புறம் பதின்மூன்றாம் பக்கம். அங்கே விரலை வைத்து மெதுவாக இழுத்தேன். எழுத்துகளின் மேடு பள்ளத்துக்கு நடுவே மெல்லியதாக, விடாமல் ஒரு வரப்பு ஓடியது. சார் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தேன். பிறகு பதினைந்துக்குப் பின்புறம் பதினாறாம் பக்கம். நீல எழுத்துகளின் மேடு இருந்தது. குறுக்கே ஒன்றுமில்லை.

சார் மூன்று தரம் தடவினார். "ஜெல் பேனா. அழுத்தம் கம்மி. எனக்கு இந்த வயசுல விரலும் மரத்துப் போச்சு," என்றார். இல்லையென்று சொல்லவில்லை, ஆமென்றும் சொல்லவில்லை. எனக்கு அழுகையே வந்துவிடும்போல இருந்தது, கோபத்தில். அந்தப் பக்கம் ஒரு பிள்ளை வருஷம் முழுக்கப் படித்து, ஏதோ நாலு வரியாவது நினைவு வைத்து எழுதியிருக்கிறது. மூன்று மதிப்பெண்ணில் கல்லூரி போய்விடும். இங்கே நாங்கள் மூன்று பேரும் விரல் மரத்துப் போனதைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்.

எங்கள் மேசையிலிருந்து இளஞ்செழியன் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒட்டன்சத்திரத்துப் பக்கத்து ஆசிரியர், இரண்டு வார்த்தைக்கு மேல் பேச மாட்டார். "ஏனுங்க மேடம், கீழ லேப்ல லென்ஸ் இருக்குமுங்களே," என்றார். சொல்லிவிட்டு நிற்காமல் இறங்கிப் போனார். அவர் திரும்பி வருவதற்குள் ஆறு நிமிஷம். நான் மாடிப்படியையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தேன். கட்டு வாங்க வருகிற அலுவலக உதவியாளர் முத்துச்சாமி, அடுத்த அறை வாசலில் வந்து நின்றாயிற்று.

லென்ஸ் வந்தது. கைப்பிடி உடைந்தது, ஆனால் கண்ணாடி நன்றாக இருந்தது. முதலில் வெற்றுப் பக்கத்துக் கோட்டின்மேல் வைத்தேன். இரண்டு ஓரமும் கறுப்பாக, ஒழுங்காக, தொடக்கத்தில் ஒரு புள்ளி அழுந்தி, நிறைவாக ஓடுகிற கோடு. பிறகு விடைமேல் வைத்தேன். அங்கே கோடு முழுசாக இல்லை. மடிப்போரம் தாள் சரியாகப் படியாத இடத்தில் அறவே காணோம். மற்ற இடத்தில் சொரசொரவென்று புள்ளி புள்ளியாக இருந்தது. அதில்தான் நான் கண்டுபிடித்தேன். வேறு யார் கண்டுபிடித்திருந்தாலும் எனக்கு இத்தனை சந்தோஷம் வந்திருக்காது. நான்தானே தப்புச் செய்தவள்.

"சார், எழுத்து மேல கோடு போற இடத்தைப் பாருங்க."

பந்துமுனைப் பேனா அழுத்தி எழுதினால் ஒவ்வொரு எழுத்தும் தாளில் ஒரு வாய்க்கால். மேலே இன்னொரு பேனா ஓடியிருந்தால் அதன் மை அந்த வாய்க்காலுக்குள்ளும் இறங்கியிருக்கும். ஒட்டிய மை மேட்டை மட்டும்தான் தொடும். அந்தக் கறுப்புக் கோடு ஒவ்வொரு நீல எழுத்தைத் தாண்டும்போதும் அறுபட்டு அறுபட்டு நின்றது. எழுத்துகள் அழுக்குப் படாமல் நீலமாகவே இருந்தன.

சார் லென்ஸைக் கண்ணோடு ஒட்டி வைத்து மேலிருந்து கீழ்வரை பார்த்தார். நிமிர்ந்தார்.

"அடிக்கல," என்றார். "மை ஒட்டியிருக்கு. திருத்துங்க."

மணி மூன்று நாற்பத்தொன்பது. நான் சிவப்புப் பேனாவைத் திறந்தேன். விடைக்குறிப்பில் படத்துக்கு ஒன்று, தத்துவத்துக்கு ஒன்று, அமைப்புக்கு ஒன்று, செயல்பாட்டுக்கும் சமன்பாட்டுக்கும் ஆளுக்கொன்று. மூன்று வேண்டும். மூன்று இருந்தால் போதும்.

படம் சரி. இரண்டு சுருளும் வரைந்து பெயர் குறித்திருந்தது. ஒன்று. தத்துவம் பரிமாற்று மின்தூண்டல் என்று ஒரே வரி, சரி. இரண்டு. பதினான்கு ஆயிற்று. செயல்பாடு என்று தலைப்புப் போட்டு, அதன் கீழே சம்பந்தமில்லாமல் மின்னியற்றியைப் பற்றி எழுதி வைத்திருந்தது. ஏலே, எங்கே போனாய் என்று கேட்க வேண்டும்போல இருந்தது. கடைசியில் சமன்பாடு. மின்னழுத்தங்களின் விகிதமும் சுற்றுகளின் விகிதமும் சமம். முதலில் அச்சுப்போலச் சரியாக எழுதியிருந்தது. எழுதிவிட்டு அதை நீலப் பேனாவாலேயே இரண்டு கோடு போட்டு அடித்து, கீழே சுற்றுகளின் விகிதத்தைத் தலைகீழாக எழுதியிருந்தது.

பின்புறம் தடவினேன். இரண்டு வரப்பு, நன்றாக, அழுத்தமாக. லென்ஸ் தேவையே இல்லை. இது அடித்ததுதான். பிள்ளை வேண்டுமென்றே, யோசித்து, சரியானதை அடித்துவிட்டுத் தப்பை எழுதியிருக்கிறது.

ராயப்பராஜ் சார் என்னைப் பார்த்தார். அவர்தான் சொன்னார், எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அதுக்கொரு மார்க் போட்டுருங்க டீச்சர். இவ்வளவு தூரம் வந்தாச்சு."

எனக்கும் கை துறுதுறுத்தது. போட்டிருந்தால் பதினைந்து. யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் அரைமணி நேரமாக நான் எதற்காகக் கத்திக்கொண்டிருந்தேன்? அடித்தது வேறு, அடிபட்டது வேறு என்றுதானே? இந்த இரண்டு கோட்டையும் கண்டும் காணாமல் விட்டால், அந்த நீளக் கோட்டைப் பற்றி நான் சொன்னதெல்லாம் வெறும் சால்ஜாப்பு ஆகிவிடும்.

"இதை அந்தப் பிள்ளையே அடிச்சிருக்கு சார். இதுக்குப் போட முடியாது," என்றேன்.

பதினான்கு. ஒன்று குறைவு. முத்துச்சாமி எங்கள் அறைக்குள் வந்து, காலைக் கட்டு தயாரா என்றார். செத்த நேரம் இருங்க என்று சபிஹா சொன்னார்.

மிச்சம் அமைப்பு. அமைப்பு என்ற தலைப்புக்குக் கீழே ஒரே ஒரு வரிதான். அந்த வரியின் நடுவில்தான் அந்தப் பாழாய்ப்போன மைத்திட்டு உட்கார்ந்திருந்தது. "மின்மாற்றியில்" என்பது தெரிந்தது, கடைசியில் "சுற்றப்பட்டுள்ளன" என்பது தெரிந்தது. இடையில் எட்டொன்பது வார்த்தை கறுப்பு; மை கொட்டிய இடமல்லவா, வாய்க்காலுக்குள்ளும் இறங்கியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்தால் திட்டு இன்னும் இருட்டாயிற்று. என்ன எழுதியிருக்கும் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததற்கெல்லாம் மதிப்பெண் போட முடியாது. பிள்ளை எழுதியது கண்ணுக்குத் தெரிய வேண்டும்.

"மேடம், சாய்ச்சுப் பிடிங்க," என்றார் சபிஹா.

ஜன்னல் பலகையில் தாளை வைத்து, வெயில் பக்கவாட்டில் விழுகிற மாதிரி சாய்த்தேன். மேலே மூடியிருந்த கறுப்பு பளபளத்தது. அதற்குள் பேனா கீறிய வாய்க்கால்கள் நிழலாக எழுந்தன. லென்ஸை வைத்து ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். சபிஹா பக்கத்தில் நின்று ஒரு துண்டுத் தாளில் எழுதிக்கொண்டே வந்தார். மெல்லிய இரும்புத் தகடு. அடுக்கி. உள்ளகம். அதன் மேல். முதன்மைச்சுருள். அடுத்த வார்த்தை வரவில்லை. தாளை இன்னும் கொஞ்சம் திருப்பினேன். து. ணை.

"துணைச்சுருள்," என்றேன்.

லென்ஸை ராயப்பராஜ் சாரிடம் கொடுத்தேன். அவரும் தனியாக முழு வரியையும் படித்து, சபிஹா எழுதி வைத்திருந்ததோடு ஒத்துப் பார்த்தார். பிறகு அவரே, "ஒண்ணு போடுங்க," என்றார்.

போட்டேன். மூன்று. முகப்பில் பன்னிரண்டை ஒற்றைக் கோட்டால் அடித்து, பக்கத்தில் பதினைந்து எழுதி, கையெழுத்துப் போட்டேன். பதினைந்தாம் பக்கத்து ஓரத்தில், எதிர்ப் பக்கத்து மை ஒட்டியது, அடித்தல் அல்ல என்று குறித்தேன். அதற்குக் கீழே சபிஹா கையெழுத்து, அதற்குக் கீழே ராயப்பராஜ் சார். அவர் தேதி, நேரம் எல்லாம் சுத்தமாக எழுதினார். மூன்று ஐம்பத்தெட்டு. முத்துச்சாமி கட்டை வாங்கிக்கொண்டு இறங்கினார்.

நான் என் நாற்காலியில் வந்து உட்கார்ந்தேன். இளஞ்செழியன் தண்ணீர் போத்தலை நகர்த்தி வைத்தார். குடித்தேன். பாஸ் என்று வாய்க்குள் ஒரு தரம் சொல்லிக்கொண்டேன். அந்தப் பிள்ளைக்கு இதெல்லாம் தெரியவே போவதில்லை. தெரிய வேண்டாம்.

"நல்லவேளை மேடம்," என்று சபிஹா தன் அடுத்த கட்டை எடுத்தார். எடுத்துக்கொண்டே, பாவம், கடைசி மணி அடிச்சதும் எவரோ அவசரப்படுத்தியிருப்பாங்க என்றார். சும்மா சொன்னதுதான். என்னைக் குத்திச் சொல்லவில்லை.

மார்ச் மாதம் எனக்கு வத்தலக்குண்டுப் பக்கம் ஒரு பள்ளியில் தேர்வறைக் கண்காணிப்பு. ஆறு நாள். ஒவ்வொரு நாளும் கடைசி மணி அடித்ததும் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியாதா? "எழுதாத பக்கத்தையெல்லாம் அடிங்க, சீக்கிரம், சீக்கிரம்," என்று கத்துவேன். கோடு போட்டு முடிக்குமுன் பிள்ளைகள் கையிலிருந்து தாளை இழுத்து, நானே மூடி, உள்ளங்கையால் ஒரு அழுத்து அழுத்தி அடுக்குவேன். ஒன்றின்மேல் ஒன்றாக இருபது. அடுக்கு ஒழுங்காக இருக்க வேண்டும் எனக்கு. மூன்றாவது பெஞ்சில் ஒரு பெண், மிஸ், மை காயல மிஸ் என்றாள். காயும் காயும், கொடு என்று வாங்கினேன்.

எழுந்து ராயப்பராஜ் சாரிடம் போனேன். இது ஐந்தாம் நாள். முதல் நான்கு நாளில் நான் திருத்தியது தொண்ணூற்றாறு தாள். அதைத் திரும்பப் பார்க்க முடியுமா என்று கேட்டேன். அவர் என்னை உட்காரச் சொன்னார். கோபப்படவில்லை.

"போனது போனதுதான் டீச்சர். ரிசல்ட் வந்த பிறகு பிள்ளைங்களே நகல் வாங்கிப் பாத்து, மறுமதிப்பீடு கேட்டாத்தான் உண்டு."

நகலில் என்ன தெரியும்? வரப்பு தெரியாது, வாய்க்கால் தெரியாது. விடையின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு தெரியும். நாம்தான் அடித்தோம்போல என்று பிள்ளை நினைத்துக்கொள்ளும்.

இரண்டாம் நாள் ஒரு தாள். அதில் நடுப்பக்கத்தில் ஒரு முழு விடை, குறுக்கே கோடு. அதைப் பார்த்து நான் இளஞ்செழியனிடம், அடிக்கிறதுக்கு எதுக்கு இவங்க இம்புட்டு எழுதணும் என்று சிரித்தது ஞாபகம் இருக்கிறது. அவரும் சிரித்தார். அந்தக் கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று கண்ணை மூடி யோசித்துப் பார்த்தேன். பதினைந்தாம் பக்கத்துக் கோட்டைப் போலவே, மேலே இடது மூலையிலிருந்து தொடங்கி, வலது பக்கம் இறங்கியது.

அந்தத் தாளின் எண் எனக்கு ஞாபகம் இல்லை.